நாலாவது நிரலில் இருக்கிற கீரி

லொக்பிரேம் என்றதும் எங்கட ஆக்களிடம் இரண்டு விதமான முகச்சுளிப்பைப் பார்க்கலாம். முதலாவது, அரச சார்பற்ற நிறுவனங்களில் வேலை செய்கிற அண்ணாமார், அக்காமாருடையது. அவர்களுக்கு அது திட்ட முன்மொழிவை அனுப்புவதற்கு முதல்நாள் இரவு யாரோ ஒருவர் நித்திரை முழித்து நிரப்பவேண்டிய பெட்டிகள். இரண்டாவது எங்கட கலைப்பீடத்து முகச்சுளிப்பு. "அது வெள்ளைக்காரக் கொடையாளிக்குக் கணக்குக் காட்டுற சாமான், சனத்தின்ர வாழ்க்கையைப் பெட்டிக்குள்ள அடைக்க ஏலாது" என்று கன்ரீனில் தேத்தண்ணி குடித்துக்கொண்டே சொல்லி முடித்துவிடுவோம். இரண்டு பேரும் ஒரு விசயத்தில் ஒத்துப்போகிறார்கள். அந்த அட்டவணை யோசிப்பதற்கான இடம் இல்லை என்பதில்.

எனக்கு இதில் உடன்பாடில்லை. நிறுவனங்கள் அதை நிரப்புகிற விதம் பெரும்பாலும் மோசம்தான். ஆனால் அந்த அட்டவணைக்குள் ஒரு கேள்வி ஒளிந்திருக்கிறது. அதை ஒழுங்காகக் கேட்டிருந்தால், படுவான்கரையில் எத்தனையோ வீடுகளில் கோழி செத்தபிறகு வெறுங்கூடு நிற்காது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. லொக்பிரேம், அதாவது தர்க்கச் சட்டகம், நாலு நிரையும் நாலு நிரலும் கொண்ட ஒரு அட்டவணை. நிரைகளைக் கீழிருந்து மேலாக வாசிக்க வேண்டும். அடியில் செயற்பாடுகள், அதாவது நாங்கள் செய்யப்போகிற வேலை. அதற்கு மேல் வெளியீடுகள், அந்த வேலையால் கைக்கு வந்து சேருகிறவை. அதற்கு மேல் விளைவு, அவற்றை வைத்துச் சனத்தின் வாழ்க்கையில் ஏற்படுகிற மாற்றம். உச்சியில் இலக்கு, அந்த மாற்றம் போய்ச் சேரவேண்டிய தூரத்து நோக்கம். நிரல்கள் இடமிருந்து வலமாகப் போகின்றன. முதலாவதில் விடயம், இரண்டாவதில் குறிகாட்டி, மூன்றாவதில் அதை எப்படிச் சரிபார்ப்பது, நாலாவதில் எடுகோள். தமிழில் இந்தச் சொற்களே ஒரு குழப்பம். ஒரு அறிக்கையில் 'பெறுபேறு' என்று இருப்பது இன்னொன்றில் 'விளைவு' என்று இருக்கும், மூன்றாவதில் இரண்டையும் மாறிமாறிப் போட்டிருப்பார்கள். சொல் எதுவாக இருந்தாலும் பரவாயில்லை, எந்த நிரையில் நிற்கிறோம் என்று தெரிந்தால் போதும்.

இந்த அட்டவணை 1969 அளவில் அமெரிக்க அரசின் உதவி முகவரகமான யுஎஸ்எய்டுக்காக உருவாக்கப்பட்டது. லியோன் ரோசன்பேர்க் என்பவரும் அவருடன் இருந்தவர்களும் செய்தார்கள். அப்போது அவர்கள் கண்ட பிரச்சினை, திட்டங்கள் மங்கலாக எழுதப்பட்டிருந்தன, எதற்கு யார் பொறுப்பு என்று தெரியவில்லை, மதிப்பீடு செய்யப் போனால் எதைவைத்து அளப்பது என்பதிலேயே சண்டை வந்தது. அதற்கு அவர்கள் சொன்ன தீர்வில் எனக்குப் பிடித்த பகுதி ஒன்று இருக்கிறது. திட்ட முகாமையாளர் வெளியீடு வரைக்கும்தான் நேரடிப் பொறுப்பு. வெளியீட்டிலிருந்து விளைவுக்குப் போகிற படி ஒரு கருதுகோள். 'இதைச் செய்தால் அது நடக்கும் என்று நம்புகிறோம், நடக்கிறதா என்று பார்ப்போம்' என்கிற மாதிரி. ஆய்வுமுறையியல் பாடத்தில் எங்களுக்குப் படிப்பிக்கிற அதே கருதுகோள்தான். எங்கட ஊருக்கு வந்து சேரும்போது அது கருதுகோளாக இல்லை, வாக்குறுதியாக வந்து சேர்ந்தது. வாக்குறுதி கொடுத்தவர் அது பிழைத்தது என்று எப்படி எழுதுவார்?

சரி, ஒரு திட்டத்தை எடுப்போம். படுவான்கரையில் ஒரு தொண்டு நிறுவனம் செய்தது. பெயர் வேண்டாம், இதுமாதிரி பத்து நிறுவனங்கள் செய்திருக்கின்றன. எண்களையும் கணக்குப் பார்க்க இலகுவாக முழு எண்களாக மாற்றியிருக்கிறேன். பெண் தலைமைதாங்கும் 60 குடும்பங்கள், 18 மாதம். ஒவ்வொரு குடும்பத்துக்கும் 8 பேடும் 2 சேவலுமாகப் பத்து வளர்ந்த நாட்டுக்கோழிக் குஞ்சு, கூடு அடிக்கத் தகரமும் வலையும், இரண்டு நாள் பயிற்சி. வெளிக்கள ஆய்வுக்காக அந்தப் பக்கம் போனபோது மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவியிடம் அந்தத் திட்டத்தின் லொக்பிரேமின் பிரதி ஒன்று இருந்தது. முழுவதும் ஆங்கிலத்தில். அவர் அதைக் கோவையில் பத்திரமாக வைத்திருந்தார், வாசித்ததில்லை.

அதில் இலக்கு 'வறுமை குறைதல்'. விளைவு '60 பெண்களின் மாத வருமானம் 30 சதவீதத்தால் அதிகரிக்கும்'. வெளியீடுகள் மூன்று: 60 பெண்களுக்குப் பயிற்சி வழங்கப்பட்டது, 60 கூடுகள் அமைக்கப்பட்டன, 600 கோழிகள் வழங்கப்பட்டன. செயற்பாடுகளும் மூன்று: பயிற்சி வழங்குதல், கூடு அமைத்தல், கோழி வழங்குதல். எடுகோள் நிரலில் 'பாதுகாப்பு நிலைமை சீராக இருக்கும்', 'பயனாளிகள் ஒத்துழைப்பார்கள்'.

முதலில் விளைவைப் பார்ப்போம், ஏனென்றால் அங்கேதான் யாரும் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. அந்தக் குடும்பங்களின் மாத வருமானம் சராசரியாக 25,000 ரூபா என்று வைப்போம். 30 சதவீதம் என்றால் 7,500 ரூபா. முட்டை ஒன்று 60 ரூபா என்று எடுத்தால், மாதம் 125 முட்டை விற்க வேண்டும். வளவில் மேய்ந்து திரிகிற நாட்டுக்கோழி பண்ணைக் கோழி மாதிரி இடாது. பன்னிரண்டு, பதினைந்து முட்டை இட்டுவிட்டு அடைக்குக் குந்திவிடும். 21 நாள் அடைகாத்து, பிறகு குஞ்சோடு இரண்டு மாதமளவில் திரியும். வருஷத்துக்கு 60 முட்டை இட்டால் நல்ல கோழி. அதாவது மாதம் ஐந்து. 125 முட்டைக்கு 25 பேடு வேண்டும். கொடுத்ததோ எட்டு. அந்த எட்டும் சாகாமல் எல்லாம் இட்டாலும் மாதம் 40 முட்டை, 2,400 ரூபா. பிள்ளைகள் ஒரு முட்டைகூடத் தின்னாமல், அடைக்கு ஒன்றுகூட வைக்காமல் விற்றால்தான் அதுவும். அடைக்கு வைக்காவிட்டால் அடுத்த வருஷம் கோழியே இருக்காது.

ஆக, அந்த 30 சதவீதம் முதல் நாளே நடக்கமுடியாத ஒன்று. இதைக் கண்டுபிடிக்க மதிப்பீட்டு நிபுணர் தேவையில்லை, தொலைபேசியில் இருக்கிற கல்குலேட்டர் போதும். வெளியீட்டில் இருக்கிற எண்ணை எடுத்து அது விளைவில் இருக்கிற எண்ணை எட்டுமா என்று பெருக்கிப் பார்த்திருந்தால் இரண்டு முடிவில் ஒன்றுக்கு வந்திருப்பார்கள். 25 பேடு கொடுத்து, அவ்வளவு கோழிக்கும் வளவு மேய்ச்சல் காணாது என்பதால் தீனிச் செலவையும் கணக்கில் எடுத்து, இது ஒரு சின்னப் பண்ணை என்று ஒத்துக்கொள்வது ஒன்று. இல்லாவிட்டால், இது வருமானத் திட்டம் இல்லை, வீட்டில் முட்டை தின்னவும் அம்மாவின் கையில் கொஞ்சம் சில்லறைக் காசு இருக்கவுமான திட்டம் என்று விளைவை மாற்றி எழுதுவது. இரண்டாவது ஒன்றும் கேவலமில்லை. ஆனால் முன்மொழிவில் அது சின்னதாகத் தெரியும் என்கிற பயத்தில் ஒருவரும் எழுதமாட்டார்கள்.

அடுத்தது வெளியீடு. 'பயிற்சி வழங்குதல்' என்ற செயற்பாட்டுக்கும் 'பயிற்சி வழங்கப்பட்டது' என்ற வெளியீட்டுக்கும் இடையில் என்ன வித்தியாசம்? வினைச்சொல்லின் காலம் மட்டும்தான் மாறியிருக்கிறது. நான் பார்த்த லொக்பிரேம்களில் அடிக்கடி காண்கிற வருத்தம் இது. கீழ் நிரையை மேல் நிரையில் இறந்தகாலத்தில் திருப்பி எழுதுவது. இப்படி எழுதினால் திட்டம் தோற்கவே ஏலாது. பயிற்சி நடந்த மண்டபத்தில் வரவுப் பதிவேட்டில் 60 கையெழுத்து விழுந்தால் வெளியீடு நூறு சதவீதம். படமும் இருக்கும், பின்னால் பதாகையோடு.

இதைப் பிடிக்க நான் வைத்திருக்கிற சோதனை சாதாரணமானது. நிறுவனத்தின் வாகனம் கடைசியாகத் திரும்பிப் போன அடுத்த நாள் காலை அந்த வளவில் என்ன மிஞ்சியிருக்கும்? மிஞ்சியிருப்பதுதான் வெளியீடு. பயிற்சி மிஞ்சாது. 'கோழிக்குத் தடுப்பு மருந்து எப்ப போடவேணும் என்று தெரிந்து, அதை ஒழுங்குபடுத்தக்கூடிய ஒரு பெண்கள் குழு' மிஞ்சும். 600 கோழி வழங்கப்பட்டது மிஞ்சாது. 'ஆறு மாதத்துக்குப் பிறகும் உயிரோடு நிற்கிற கோழி' மிஞ்சும்.

உயிரோடு நிற்கிறதா என்று கேட்கத் தொடங்கினால்தான் நாலாவது நிரல் திறக்கும். இந்த நிரலை வாசிக்க ஒரு முறை இருக்கிறது, அதைப் பலர் கவனிப்பதில்லை. ஒரு நிரையில் எழுதுகிற எடுகோள் அந்த நிரையை அதற்கு மேல் நிரையோடு சேர்க்கிற பாலம். வாய்விட்டு வாசிக்க வேண்டும்: இந்தச் செயற்பாடுகளைச் செய்தால், கூடவே இந்த எடுகோள்களும் உண்மையாக இருந்தால், இந்த வெளியீடு கிடைக்கும். இந்த வெளியீடு கிடைத்து, இந்த எடுகோள்களும் உண்மையாக இருந்தால், இந்த விளைவு வரும். மேலே சொன்ன திட்டத்தை இப்படி வாசித்துப் பாருங்கள். '60 பேருக்குப் பயிற்சியும் 600 கோழியும் 60 கூடும் கொடுத்து, பாதுகாப்பு நிலைமை சீராக இருந்து, பயனாளிகளும் ஒத்துழைத்தால், வருமானம் கூடும்.' கோழி சாகாது என்பது எங்கே? அதை யாரும் எழுதவில்லை. எழுதாமல் விட்டதால், கோழி செத்தபோது மிஞ்சியிருந்த ஒரே விளக்கம் 'பயனாளிகள் ஒத்துழைக்கவில்லை' என்பதுதான். இறுதி அறிக்கையில் அப்படித்தான் இருந்ததாம், 'பயனாளிகளின் பராமரிப்புக் குறைபாடு' என்று. பழியைப் போட ஒரு பெட்டியை முன்கூட்டியே தயார்செய்து வைத்த மாதிரி.

உண்மையில் என்ன நடந்தது என்று அந்த ஊரில் ஒரு மாமியிடம் கேட்டேன். அவருக்குக் கொடுத்த கூடு இப்பவும் நிற்கிறது, விறகு அடுக்கி வைத்திருக்கிறார். குஞ்சு பொரித்ததெல்லாம் கீரி கொண்டுபோனது என்றார். கூடு தந்தவங்களே மாமி, பூட்டி வைக்கல்லயா என்று கேட்டதற்கு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"கூடு ராவைக்குத்தானே மகள் பூட்டுற. கீரி பகல்லதானே வாற."

இதைவிடத் தெளிவாக ஒரு எடுகோளை யாரும் உடைக்க ஏலாது. இரவில் மரநாயும் பாம்பும் வரும், அதற்குக் கூடு சரி. ஆனால் குஞ்சுகள் அதிகம் போவது முதல் சில கிழமைகளில், பகலில், தாயோடு வளவில் மேயும்போது. கீரி, காகம், பருந்து. அதற்கு வேண்டியது தகரக் கூடு இல்லை. குஞ்சுகளை முதல் நாலு கிழமையாவது பகலில் மூடி வைக்க ஒரு பெரிய கூடையும், உள்ளே கொஞ்சம் தீனியும் தண்ணியும். பனையோலையிலோ பிரம்பிலோ ஊரிலேயே பின்னலாம். கூட்டுக்குச் செலவழித்த காசில் ஒரு சின்னப் பங்கு. அந்த மாமியிடம் திட்டம் எழுதும்போதே கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

இரண்டாவது எதிரி ரனிக்கெட் நோய். கோழி தலையைத் தொங்கப்போட்டுத் தூங்கும், பச்சையாகக் கழியும், சிலதுக்குக் கழுத்துத் திருகும், பிறகு ஒரே கிழமையில் ஊரே காலி. தடுப்பு மருந்து இருக்கிறது, விலையும் பெரிதில்லை. அரச கால்நடை வைத்திய அலுவலகத்தோடு கதைத்தால் ஒழுங்கு செய்யலாம். அப்படியென்றால் செயற்பாட்டு நிரையில் 'தடுப்பு மருந்து வழங்குதல்' என்று ஒரு வரி சேர்த்தால் முடிந்ததா? இல்லை. அந்த மருந்து ஒரு குப்பியில் நூற்றுக்கணக்கான கோழிகளுக்குரிய அளவில் வரும். குளிரில் வைத்துக் கொண்டுவர வேண்டும். கரைத்த பிறகு இரண்டு மணித்தியாலமளவில் போட்டு முடிக்க வேண்டும், மிச்சத்தை எறிய வேண்டும். மூன்று நாலு மாதத்துக்கு ஒருக்கால் திருப்பிப் போட வேண்டும். பத்துக் கோழி வைத்திருக்கிற ஒரு பெண் தனியாக இதைச் செய்ய ஏலாது. ஊராக ஒரு விடியற்காலையில், கோழிகளைத் திறந்துவிட முதல், ஐஸ் போட்ட பெட்டியோடு வீடு வீடாகப் போக வேண்டும்.

இன்னும் ஒரு சிக்கல். பயனாளி வீட்டுக் கோழிக்கு மட்டும் போட்டுவிட்டு, வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிற வீட்டுக் கோழியை விட்டால், நோய் அந்தப் பக்கத்தில் சுழன்றுகொண்டே இருக்கும். புதிதாகப் பொரித்த குஞ்சுகளுக்கு அங்கேயிருந்து வரும். கோழிகளுக்குப் பயனாளிப் பட்டியல் தெரியாதே. ஆகவே, '60 குடும்பம்' என்று தொடங்கிய திட்டம் இந்த இடத்தில் 'இந்த ஊரில் இருக்கிற எல்லாக் கோழியும்' என்று மாற வேண்டும். கணக்காளர் இதற்குச் சம்மதிக்க மாட்டார், பயனாளி அல்லாதவருக்குச் செலவு செய்ய ஏலாது என்பார். இந்த வாக்குவாதம் திட்டம் தொடங்க முதல் நடக்க வேண்டியது. நாலாவது நிரலில் 'அயல் கோழிகளிடமிருந்து நோய் தொற்றாது' என்று நேர்மையாக ஒருவர் எழுதியிருந்தால், அடுத்த நிமிடமே பக்கத்தில் இருந்தவர் "அதெப்பிடித் தொற்றாது?" என்று கேட்டிருப்பார். அந்தக் கேள்விக்காகத்தான் அந்த நிரல் இருக்கிறது. முக்கியமான, ஆனால் நடக்கச் சாத்தியம் இல்லாத எடுகோள் ஒன்று தெரிந்தால், அதை அந்தப் பெட்டியிலேயே தூங்க விடக்கூடாது. செயற்பாடாக மாற்றி உள்ளே எடுக்க வேண்டும், அல்லது திட்டத்தை வேறுமாதிரி அமைக்க வேண்டும்.

மாரிமழையும் அப்படித்தான். நிறுவனத்தின் நிதியாண்டு டிசம்பரில் முடிகிறது என்பதற்காக நவம்பரில் அவசரமாகக் கோழி கொடுத்தார்கள். படுவான்கரையில் நவம்பர் எப்படியிருக்கும் என்று அங்கே ஒரு மாரி காலம் இருந்தவருக்குத் தெரியும். 'வெள்ளம் வராது' என்பதை மட்டக்களப்பில் எடுகோளாக எழுதுவது பகிடி. இதற்கு மருந்து ஒன்றும் வேண்டாம், மாதத்தை மாற்றினால் போதும்.

ஆனால் எல்லா எடுகோளையும் உள்ளே எடுக்க ஏலாது. அந்த ஊரில் பல வீடுகளில் கிழமைக் கடன் இருக்கிறது. லோன்காரர் வருகிற நாளில் கையில் காசில்லாவிட்டால் முதலில் விற்கப்படுவது இடுகிற கோழிதான், ஏனென்றால் அதற்குத்தான் உடனே ஆள் வரும். மூன்று பேட்டை ஒரே நாளில் விற்ற வீடு எனக்குத் தெரியும். கோழித் திட்டத்தால் நுண்கடன் கம்பனியை ஒன்றும் செய்ய ஏலாது. ஆனால் 'கடன் கட்டுவதற்காகத் தாய்க்கோழிகள் விற்கப்படமாட்டா' என்று விளைவுக்குப் போகிற பாலத்தில் எழுதி வைக்கலாம். மூன்று மாதத்துக்கு ஒருக்கால் எத்தனை வீட்டில் விற்றார்கள் என்று கேட்கலாம். பாதி வீடுகள் விற்கின்றன என்றால், இன்னும் கோழி கொடுப்பது கடன்காரருக்குக் கொடுப்பது மாதிரி என்று அப்போதாவது தெரியும்.

குறிகாட்டிகளுக்கு வருவோம். 'வருமானம் 30 சதவீதம்' என்பதில் கணக்குப் பிழை மட்டுமில்லை, அதை அளக்கவும் ஏலாது. 2023இல் அஸ்வெசும வந்ததிலிருந்து கோப்போடு வருகிற எவரிடமும் வருமானத்தைச் சொல்ல சனம் பயப்படுகிறது. "கூடச் சொன்னா வெட்டிப்போடுவாங்க" என்று நேரடியாகவே சொல்கிறார்கள். நியாயமான பயம். அப்படியிருக்க, திட்டத்துக்கு முதல் ஒருதரம், முடிவில் ஒருதரம் வருமானம் கேட்டு இரண்டையும் கழித்து வருகிற எண்ணுக்கு என்ன பெறுமதி? வருமானம் கூடினாலும் குறைத்துத்தான் சொல்வார்கள். சிலவேளை நிறுவனம் சந்தோசப்படட்டும் என்று கூட்டிச் சொல்வார்கள், அடுத்த திட்டத்தில் பெயர் வரவேண்டுமே.

கோழிக்கு அந்தப் பயமில்லை. பொழுதுபட்டதும் தானாகவே கூட்டுக்கோ மரத்துக்கோ வந்து ஏறும். அப்போது எண்ணினால் சரியான எண் வரும். பகலில் எண்ண ஏலாது, அது நாலு வளவு தாண்டி மேயும். ஆனால் வெளிக்கள உத்தியோகத்தர்கள் எழுவான்கரையிலிருந்து வந்து, பின்னேரம் நாலு மணிக்கெல்லாம் திரும்ப வெளிக்கிட்டுவிடுவார்கள். அவர்களின் படிவத்தில் இருக்கிற கோழி எண்ணிக்கை வீட்டுக்காரர் வாயால் சொன்னது. 'சரிபார்க்கும் வழி' என்ற மூன்றாவது நிரலைச் சும்மா 'கள அறிக்கை' என்று நிரப்பினால் இந்த வித்தியாசம் தெரியாது. 'மூன்று மாதத்துக்கு ஒருக்கால், சீட்டுக் குலுக்கித் தெரிந்த 12 வீடுகளில், மாலை ஆறரைக்குப் பிறகு கூட்டில் எண்ணுதல்' என்று எழுதினால்தான், அதைச் செய்ய ஆறரைக்கு யார் அங்கே நிற்பது என்ற கேள்வி வரும். உத்தியோகத்தர் நிற்க ஏலாது என்றால் சங்கத்துப் பெண்கள் இரண்டு பேர் எண்ணலாம், அவர்களுக்கு ரோர்ச்சும் ஒரு சின்னக் கொடுப்பனவும் வரவுசெலவில் வரவேண்டும். ஒரு குறிகாட்டியை ஒழுங்காக எழுதினால் வரவுசெலவே மாறுகிறது.

நான் எழுதுவதென்றால் அந்தத் திட்டத்தின் விளைவை இப்படி எழுதுவேன்: 18 மாத முடிவில் 60 வீடுகளில் குறைந்தது 40 வீடுகளில், அந்த வீட்டிலேயே பொரித்து வளர்ந்த ஐந்து பேடாவது நிற்கும், பிள்ளைகள் முட்டை தின்பார்கள், விற்ற காசு அம்மாவின் கையில் இருக்கும். குறிகாட்டி இரண்டு போதும். பொழுதுபட்ட பிறகு எண்ணுகிற பேடுகள் ஒன்று. கடந்த ஏழு நாளில் எத்தனை நாள் பிள்ளை முட்டை தின்றது என்பது மற்றது, திட்டத்துக்கு முதல் எத்தனை நாள் என்பதையும் சேர்த்து. முட்டைக் கணக்கை அவர்களே சுவரில் தொங்குகிற கடைக் கலண்டரில் கோடு போட்டு வைக்கலாம். காசு யார் கையில் என்பதற்கு எண் தேவையில்லை, கூட்டத்தில் கதைத்தால் தெரியும். 60இல் ஏன் 40 என்று கேட்பார்கள். நோயும் கடனும் இருக்கிற ஊரில் எல்லா வீட்டிலும் வெல்லும் என்று எழுதுகிறவர் இதற்கு முதல் கோழி வளர்த்ததில்லை என்று அர்த்தம்.

இதற்குக் கீழே வெளியீடுகளும் மாறும். ஊரில் இருக்கிற கோழிகளில் பெரும்பங்குக்கு ஒழுங்காகத் தடுப்பு மருந்து போடுகிற ஒரு குழு. பொரித்த குஞ்சில் எட்டுக் கிழமை தாண்டுகிறவை எத்தனை என்பது. கூடு பற்றி ஒரு வரிகூட வராது, கூடு ஒரு பொருட்செலவு மட்டும்தான். பயிற்சியும் இரண்டு நாள் மண்டபத்தில் இல்லை, முதல் தடுப்பு மருந்து போடுகிற அந்த விடியற்காலைதான் பயிற்சி.

இப்போது கன்ரீன் ஆக்களின் விமர்சனத்துக்குப் பதில். ஹேக் நகரத்தில் படிப்பித்த டெஸ் காஸ்பர் இந்தச் சட்டகங்கள் பழுதாகிற விதங்களுக்குப் பெயர் வைத்திருக்கிறார். ஒன்று தர்க்கமில்லாத சட்டகம். திட்டத்தை ஏற்கெனவே முடிவுசெய்துவிட்டு, கொடையாளி கேட்டதற்காகப் பிறகு பெட்டி நிரப்புவது. இன்னொன்று பூட்டிய சட்டகம். ஒருதரம் கையெழுத்திட்ட பிறகு கடைசிவரை மாற்றாமல் வைத்திருப்பது. இரண்டும் எங்களிடம் தாராளமாக இருக்கின்றன. ஆனால் இந்தப் பழுதுகளைக் காட்டி அட்டவணையையே எறிந்துவிட்டால் அதற்குப் பதிலாக என்ன வரும்? நிறுவனம் கதை சொல்லும். கோழியைக் கட்டிப்பிடித்துச் சிரிக்கிற ஒரு பெண்ணின் படமும், 'வாழ்வில் ஒளி' என்று ஒரு தலைப்பும். அதை எதிர்த்து யாரும் கேள்வி கேட்க ஏலாது. பெட்டிக்குள் எழுதினதை எதிர்த்துக் கேட்கலாம். மாமி ஒரு வசனத்தில் கேட்டாரே.

சனத்தின் வாழ்க்கை பெட்டிக்குள் அடங்காது என்பது சரி. ஆனால் லொக்பிரேம் அடைக்க வேண்டியது சனத்தின் வாழ்க்கையை இல்லை, நிறுவனத்தின் நம்பிக்கையை. 'நாங்கள் இதைக் கொடுத்தால் அது நடக்கும்' என்ற நம்பிக்கை பெட்டிக்குள் இருந்தால்தான் வெளியில் நிற்கிறவர் அதைத் தட்டிப் பார்க்கலாம். அதற்கு இரண்டு விசயம் நடக்க வேண்டும், இரண்டுக்கும் பெரிய காசு வேண்டியதில்லை. ஒன்று, கையெழுத்திட முதல் அந்த ஒரு தாள் தமிழில் மாதர் சங்கக் கட்டிடத்தில் வாசிக்கப்பட வேண்டும். கீழ் நிரையிலிருந்து, 'இது நடந்தால், இதுவும் உண்மையாக இருந்தால்' என்று. நாலாவது நிரலை நிரப்புகிற வேலையை அங்கே இருக்கிறவர்களிடம் விட்டுவிட வேண்டும்.

மற்றது, ஒன்பதாவது மாதத்தில் அதே தாளை அதே இடத்தில் திரும்ப எடுத்து, எந்த எடுகோள் உடைந்தது என்று பார்த்து நிரைகளை மாற்றுவது. கொடையாளி சம்மதிக்க மாட்டார் என்று நிறுவனங்கள் சொல்வதை நான் அவ்வளவாக நம்பவில்லை. திட்ட இடைநடுவில் காரணத்தோடு திருத்தம் கேட்க ஒப்பந்தங்களில் பொதுவாக வழி இருக்கிறது. கேட்பதென்றால் முதலில் எழுதின கருதுகோள் பிழைத்தது என்று ஒரு கடிதம் எழுத வேண்டும். அந்தக் கடிதத்தை எழுத விரும்பாததால்தான் நவம்பரில் செத்த கோழிகள் ஜனவரி அறிக்கையிலும் 600 ஆகவே நிற்கின்றன.